மூன்று தேக்சா பிரியாணி: மாஸ்டர் படுத்துவிட்ட காலையில் நாங்கள் செய்தது

போன மே மாதக் கடைசியில் அக்கா மகளுக்குக் கல்யாணம். காட்பாடியிலிருந்து குடியாத்தம் போகிற சாலையில் ஒரு மண்டபம். காலை பத்து மணிக்கு சர்ச்சில் ஆராதனை, பன்னிரண்டரைக்கு மண்டபத்தில் சாப்பாடு. முந்நூறு பேருக்கு ஆட்டுக்கறி பிரியாணி, கத்திரிக்காய், தயிர் வெங்காயம், பிரெட் அல்வா. சமையல் மாஸ்டர் ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். சாமான்களுக்குக் காவலாக நான் முதல் நாள் இரவே மண்டபத்தில் படுத்துக்கொண்டேன்.

விடிகாலை நாலே முக்காலுக்கு மாஸ்டரின் அண்ணன் மகன் வந்து காலைத் தட்டினான். "மாமா, சித்தப்பா ரெண்டு மணியிலேர்ந்து வாந்தி எடுத்துக்கினே கீறாரு. வயித்தாலயும் போவுது."

கீழே போய்ப் பார்த்தேன். சமையல்கட்டுப் பின்வாசலில், குழாயடியில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கண் உள்ளே போயிருந்தது. "அரை மணி நேரத்துல எழுந்துடறேன்" என்றார். எழுந்தாலும் அடுப்படிக்கு அவரை விடக் கூடாது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஏற்றினோம். ஏறும்போது பையனைப் பார்த்து இரண்டு விஷயம் சொன்னார்: "உப்பு ரெண்டு எடத்துல போடணும்டா. அரிசிய உட்டுடாத." அதற்குமேல் பேச முடியவில்லை. ஏழு மணிக்குள் குளுக்கோஸ் ஏற்றிவிட்டார்கள், போன் அணைந்துவிட்டது.

வேறு மாஸ்டர் தேடாமல் இல்லை. மூன்று பேருக்குப் போட்டேன். முகூர்த்த நாள், எல்லாரும் ஏதோ ஒரு மண்டபத்தில் இருந்தார்கள். ஒருவர் மட்டும் மத்தியானம் இரண்டு மணிக்குமேல் வருகிறேன் என்றார்.

சரி, கையில் இருந்தது என்ன? மாஸ்டரின் அண்ணன் மகனுக்கு இருபது வயது. வெட்டுவான், வதக்குவான், அடுப்பைப் பார்த்துக்கொள்வான். உப்பையும் அரிசியையும் அவனிடம் மாஸ்டர் ஒருநாளும் விட்டதில்லை. இன்னும் இரண்டு கை ஆட்கள். மண்டபத்தில் பாத்திரம் கழுவும் அம்மா ஒருவர். அப்புறம் நான். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் டிரம் பிரிவில் இருபத்திரண்டு வருஷம். சமையல் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ. ஆனால் அளப்பது என் பிழைப்பு. டிரம்மில் எவ்வளவு தோல் போகிறது என்று எடை போட்டு, அந்த எடைக்கு இத்தனை சதவீதம் தண்ணீர், இத்தனை சதவீதம் உப்பு என்றுதான் நாள் முழுக்கக் கணக்கு. அந்தத் தைரியத்தில்தான் அக்காவிடம் "பார்த்துக்கலாம் விடு" என்று சொல்லிவிட்டேன்.

மாஸ்டர் எழுதிக் கொடுத்த சாமான் சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது. சீரகச் சம்பா 36 கிலோ, கறி 36 கிலோ, எண்ணெய் 9 லிட்டர், வெங்காயம் 25 கிலோ, தக்காளி 15 கிலோ, தயிர் 8 லிட்டர், காய்ந்த மிளகாய் ஒரு கிலோ, உப்பு 5 கிலோ என்று போகிறது. அது வாங்குகிற கணக்கு, சேர்க்கிற கணக்கு இல்லை. ஐந்து கிலோ உப்பில் எவ்வளவு கறிக்கு, எவ்வளவு அரிசி வேகும் தண்ணீருக்கு, எவ்வளவு மீதம் என்று அதில் ஒரு வரியும் கிடையாது. மூன்று தேக்சாவாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு கிலோ அரிசி, பன்னிரண்டு கிலோ கறி. அவ்வளவுதான் எனக்குத் தெளிவாக இருந்தது.

முதல் வேலையாக ஒன்றைக் கொட்டினேன். தயிர் வெங்காயத்துக்கென்று மாஸ்டர் இரவே எட்டு கிலோ வெங்காயம் மெல்லிசாக நறுக்கி, தாம்பாளத்தில் துணி போட்டு மூடி வைத்திருந்தார். இஞ்சி பூண்டு விழுதும் மிளகாய் விழுதும் அவர் அரைத்ததுதான், ஆனால் அவை எண்ணெயில் வதங்கி ஒரு மணி நேரம் கொதிக்கப் போகின்றன. வெங்காயம் பச்சையாக இலைக்குப் போவது. வாந்தியும் வயிற்றுப்போக்குமாக இருக்கிறவர் கை பட்டது.

அக்கா கீழே வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானே கீது, கழுவிட்டுப் போட்டா இன்னா?" என்றாள்.

"கழுவினா போகாதுக்கா. நாளைக்கு முந்நூறு பேரும் மாஸ்டர் மாதிரி குழாயடியில உக்காந்தா?"

ஒன்றும் பேசாமல் அவளே தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பையில் கவிழ்த்தாள். புது வெங்காயத்துக்கு முந்நூற்றுச் சொச்சம் ஆயிற்று. தாம்பாளம், கத்தி, பலகை மூன்றையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தோம். மாஸ்டர் புழங்கிய குழாயடிப் பக்கம் சமையல் ஆட்கள் யாரும் போகக் கூடாது என்று குறுக்கே ஒரு பெஞ்சைப் போட்டேன். எல்லாரையும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவ வைத்தேன். அந்த நாளில் தப்பில்லாமல் செய்த வேலை என்று இதைத்தான் சொல்வேன்.

ஐந்தரைக்குக் கறி வந்தது. கிலோ எண்ணூற்று ஐம்பது. அடுத்து நான் செய்ததைப் புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். தொழிற்சாலையில் புதுச் சரக்கு வந்தால் முதலில் சின்ன டிரம்மில் ஒரு சோதனை போடுவோம். அதே மாதிரி, பெரிய அடுப்புகளுக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், கேஸ் அடுப்பில் ஒரு கிலோ பிரியாணி செய்து பார்த்தேன். கறியைக் குக்கரில் வேகவைத்து, அரிசியை அரை மணி ஊறவைத்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, முக்கால் வேக்காட்டில் கூடையில் வடித்து, கறியில் போட்டு மூடிப் பத்து நிமிஷம் விட்டேன். சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரியாக, நெய் மினுமினுப்பாக வந்தது. பையன் ஒரு கை எடுத்து வாயில் போட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். அதையே பன்னிரண்டால் பெருக்கினால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

அளக்கத் தராசு இல்லை. உப்பு ஒரு கிலோ பாக்கெட்டாக இருந்தது. மண்டபத்து எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்து ஒரு பாக்கெட்டைப் பிரித்து அளந்தேன். தலை தட்டி நாலு டம்ளர் வந்தது. ஆக ஒரு டம்ளர் கால் கிலோ. தண்ணீருக்கு இருபது லிட்டர் கேன். அன்றைய கணக்கு எல்லாம் இந்த டம்ளரிலும் கேனிலும்தான்.

ஏழு மணிக்கு முதல் தேக்சா அடுப்பேறியது. சவுக்கு விறகு. மூன்று லிட்டர் எண்ணெய், பட்டை, கிராம்பு, ஏலக்காய். ஐந்தரை கிலோ வெங்காயம் நிறம் மாற இருபத்தைந்து நிமிஷம் பிடித்தது. வீட்டில் எட்டு நிமிஷத்தில் ஆகிற வேலை. பிறகு இஞ்சி பூண்டு விழுது, அதன் பச்சை வாடை போனதும் மிளகாய் விழுது. ஆம்பூர்ப் பக்கம் மிளகாய்த்தூள் போடுவதில்லை. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதுதான் நிறமும் காரமும். அது எண்ணெயில் பிரண்டு கருஞ்சிவப்பாகிற நேரத்தில் மே மாத வெயிலும் சேர்ந்து, நாங்கள் நாலு பேரும் இருமிக்கொண்டே வெளியே ஓடினோம். பையன் மட்டும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு துடுப்பை விடாமல் நின்றான்.

கறி, தக்காளி, தயிர், புதினா, கொத்தமல்லி, ஒரு டம்ளர் உப்பு. இங்கே ஒரு தப்பு. ஒரு கிலோவுக்குக் குக்கரில் முக்கால் லிட்டருக்குமேல் தண்ணீர் விட்டிருந்தேன். அந்தக் கணக்கில் பத்து லிட்டர், அரைக் கேன், ஊற்றிவிட்டேன். பதினைந்து நிமிஷத்தில் கறியும் தக்காளியும் தயிரும் தங்கள் தண்ணீரை விட்டபோது, கறி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. துடுப்பை நட்டுப் பார்த்தால் கறிக்குமேல் நாலு விரல் குழம்பு. வற்றட்டும் என்று விறகைத் தள்ளினேன். ஒன்றேகால் மணி நேரத்தில் கறி வெந்தது, குழம்பு வற்றவில்லை. இன்னும் கொதிக்கவிட்டால் கறி எலும்பை விட்டுவிடும் என்று பையன் பயந்தான். அப்படியே நிறுத்தினோம்.

அரிசிக்கு வருகிறேன். மாஸ்டர் ஆட்டோவில் ஏறும்போது சொன்ன வார்த்தை அதைப் பற்றித்தான், நான் தோற்றதும் அதில்தான்.

பெரிய அண்டாவில் மூன்று கேன், அறுபது லிட்டர் தண்ணீர். சின்னப் பாத்திரத்தில் பத்து நிமிஷத்தில் கொதித்ததால், இது அரை மணியில் கொதித்துவிடும் என்று நினைத்துப் பன்னிரண்டு கிலோ அரிசியை அதே நேரம் ஊறப்போட்டேன். கொதிவர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. சீரகச் சம்பா பொடி அரிசி, சீக்கிரம் தண்ணீர் குடித்துவிடும். கையில் எடுத்து லேசாகத் தேய்த்தாலே உடைகிற பதத்துக்கு வந்துவிட்டது. உப்பு இரண்டு டம்ளர் போட்டேன். அரைக்கிலோ உப்பு ஒரே அண்டாவில் போவதைப் பார்க்கவே கை நடுங்கியது. அதற்குமேல் போடத் தைரியம் வரவில்லை.

அரிசியைப் போட்டு, மறுபடி கொதிவந்து நாலாவது நிமிஷம் ஒரு பருக்கையை நகத்தால் கிள்ளினேன். இரண்டு துண்டாகியது, நடுவில் வெள்ளைப் பொட்டு. காலையில் பார்த்த அதே முக்கால் பதம். "கவுத்துடு" என்றேன். இரண்டு பேர் அண்டாவை இரும்புக் கம்பியில் மாட்டிச் சாய்க்க, இரண்டு பேர் மூங்கில் கூடையைப் பிடித்தார்கள். ஒரு கூடை நிறைந்தது. அது வடிய வேண்டும். அதைத் தேக்சாவில் கொட்டிவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். நடுவில் ஒருவன் காலில் கஞ்சி தெறித்து அவன் விலக, மற்றவன் பிடிக்க, மொத்தமும் முடிய ஆறேழு நிமிஷம். அத்தனை நேரமும் அண்டாவில் இருந்த அரிசி கொதிக்கிற தண்ணீரிலேயே இருந்தது. கூடையில் இருந்ததும் சூடு ஆறாமல் வெந்துகொண்டே இருந்தது. காலையில் ஒரு கிலோவை வடிக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

கடைசிக் கூடையில் ஒரு பருக்கையை எடுத்தேன். நகம் படுமுன் மசிந்தது. அதைப் போய் நாலு விரல் குழம்புக்குமேல் போட்டு தம் கட்டினால் என்ன ஆகும்? திறந்தபோது துடுப்பு நட்டுக்கொண்டு நின்றது. வாயில் போட்டால் உப்பும் இல்லை. கறியில் உப்பு இருந்தது, சோறு வெறும் சோறாக இருந்தது.

அந்த நேரம் மணி ஒன்பதே முக்கால். வீட்டார் எல்லாரும் சர்ச்சுக்குப் போய்விட்டிருந்தார்கள். தாய்மாமன் நான் லுங்கியோடு அடுப்படியில். போட்டோவில் நான் இல்லாததைப் பற்றி இன்றைக்கும் பேச்சு வருகிறது.

பையன் ஓரமாக உட்கார்ந்துவிட்டான். நான் அண்டா அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பாத்திரம் கழுவும் அம்மா கூடைகளை எடுக்க வந்தார். மண்டபம் கட்டின நாளிலிருந்து அங்கேதான் வேலையாம். எத்தனையோ மாஸ்டர்களின் பாத்திரங்களைத் தேய்த்தவர். போகிற போக்கில் சொன்னார்:

"பிரியாணிக்காரங்க அண்டாவக் கவுக்க மாட்டாங்க நைனா. அள்ளுவாங்க."

"எதுல?"

"இதோ இதுலதான். அரிசி அண்டாவும் கறி தேக்சாவும் பக்கத்துல பக்கத்துல நிக்கும். அண்டா அடியில நெருப்பு எரிஞ்சிக்கினே இருக்கும். இவங்க அள்ளி அள்ளி அதுல போட்டுடுவாங்க."

அவர் காட்டியது சுவரில் மாட்டியிருந்த ஜல்லிக்கரண்டி. ஒரு முழத்துக்கு மேல் பிடி, முறம் மாதிரி தலை, முழுக்க ஓட்டை. காலையிலிருந்து அது என் கண்முன்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாஸ்டர் வடை எடுக்கக் கொண்டுவந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். பையனைப் பார்த்தேன். "ஆமா மாமா, அள்ளுவாரு. ஆனா நான் அந்த நேரத்துல தம் போட நெருப்பு எடுக்கப் போயிடுவேன்" என்றான்.

அள்ளுவது என்று தெரிந்ததும் மற்றது எனக்குக் கணக்காகவே விளங்கியது. பன்னிரண்டு கிலோ அரிசி தண்ணீர் குடித்து ஏறத்தாழ இரட்டை எடைக்கு வந்திருக்கும். ஒரு அள்ளுக்கு ஒரு கிலோ என்றால் இருபத்தைந்து அள்ளு. இரண்டு கரண்டி போட்டால் மூன்று நாலு நிமிஷம். முதல் அள்ளுக்கும் கடைசி அள்ளுக்கும் நடுவே அந்த மூன்று நிமிஷ வேக்காடு வித்தியாசம் இருக்கும். ஆக, முக்கால் பதம் வரும்வரை காத்திருக்காமல், பாதி வெந்ததுமே ஆரம்பிக்க வேண்டும். அப்போது முதலில் அள்ளிய அரைவேக்காட்டு அரிசி தேக்சாவின் அடிக்குப் போகும். அங்கே குழம்பு இருக்கிறது, நெருப்பும் அருகில், மீதியை அது அங்கே வெந்துகொள்ளும். கடைசியில் வரும் முக்கால் பதத்து அரிசி மேலே உட்காரும். அதற்கு ஆவி போதும். எந்த வரிசையில் வருகிறதோ அந்த வரிசையிலேயே அதற்கு வேண்டிய இடமும் இருக்கிறது.

இரண்டாவது தேக்சாவின் கறி அப்போது அடுப்பில் இருந்தது. எட்டரைக்கே ஏற்றியிருந்தோம். நல்லவேளையாக அதில் தண்ணீர் ஊற்றப் பையன் கேனைத் தூக்கியபோதே, முதல் தேக்சாவின் கோலத்தைப் பார்த்து நிறுத்தியிருந்தேன். கறி தன் தண்ணீரை விட்டபிறகு ஐந்து லிட்டர் மட்டும் விட்டோம். வெந்து முடிந்தபோது கறிக்குமேல் ஒரு விரல் குழம்பு, அதன்மேல் சிவப்பு எண்ணெய் மிதந்தது. கறித் துண்டை இரண்டு விரலால் அழுத்தினால் அமுங்கியது, எலும்பை விடவில்லை.

உப்பு. இதற்கும் தொழில்தான் கைகொடுத்தது. டிரம்மில் போடுகிற உப்பு முழுவதையும் தோல் குடித்துவிடாது, பெரும்பகுதி தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும். இங்கேயும் அதேதான். அறுபது லிட்டரில் அரிசி குடிப்பது ஏறத்தாழ பன்னிரண்டு லிட்டர், ஐந்தில் ஒரு பங்கு. போடுகிற உப்பிலும் அந்த ஒரு பங்குதான் சோற்றில் நிற்கும். அரைக்கிலோ போட்டால் சோற்றுக்கு நூறு கிராம்தான் சேரும், பன்னிரண்டு கிலோ அரிசிக்கு அது எந்த மூலைக்கு? நாலு டம்ளர், ஒரு முழுப் பாக்கெட்டைக் கொட்டினேன். கரண்டியில் எடுத்து ஊதிக் குடித்துப் பார்த்தால் முகம் சுளிக்கிற உப்பு. அப்படித்தான் இருக்க வேண்டும். கறிக்கு அதே ஒரு டம்ளர். குழம்பை நாக்கில் வைத்தால் கொஞ்சம் கரிக்க வேண்டும், ஏனென்றால் அது சோற்றுக்கும் சேர்த்து. நாலு எலுமிச்சம்பழத்தையும் தண்ணீரில் பிழிந்தோம்.

இந்த முறை அண்டாத் தண்ணீர் ஓரத்தில் சிணுங்க ஆரம்பித்த பிறகுதான் அரிசியை ஊறவைத்தேன். இருபது நிமிஷம், வடித்துக் கூடையில் தயாராக வைத்தாயிற்று. முழுக் கொதி வந்ததும் போட்டோம். தண்ணீர் அடங்கி, மறுபடி பொங்கி வந்ததிலிருந்து நான் செல்போனில் நேரம் பார்த்தேன். இரண்டு நிமிஷம். ஒரு பருக்கையைக் கிள்ளினால் மூன்று துண்டாக நொறுங்கியது, நடுவில் பொட்டு இல்லை, நீளமாக ஒரு வெள்ளைக் கோடே இருந்தது. "இது பச்சை மாமா" என்றான் பையன். "அள்ளுடா" என்றேன்.

இரண்டு பக்கமும் இரண்டு ஜல்லிக்கரண்டி. அள்ளி, அண்டா விளிம்பில் ஒரு தட்டு, மூன்று எண்ணுகிற நேரம் தண்ணீர் சொட்ட விட்டு, தேக்சாவில் கவிழ்ப்பு. யாரும் பேசவில்லை. மூன்றரை நிமிஷத்தில் முடிந்தது. மீதி நாலைந்து கைப்பிடியை விட்டுவிட்டோம், அதைத் தேடுகிற நேரத்தில் அது குழைந்துவிடும். அகலத் துடுப்பை ஓரமாக இறக்கி அடியிலிருந்து நாலு இடத்தில் மட்டும் புரட்டினான் பையன்.

தம் விஷயத்தில் அவன் கெட்டி. அடியில் எரிகிற விறகை எல்லாம் இழுத்துவிட்டு, கங்குகளை மெல்லிசாகப் பரப்பினான். தேக்சா வாயில் ஈரத் துணியைச் சுற்றி மூடியை அழுத்தி, மூடிமேல் கரியை ஒரு சாண் விட்டத்துக்குப் பரப்பி, அதன்மேல் தண்ணீர் நிரப்பிய சின்னக் குண்டானை வைத்தான். பிறகு கையை நனைத்து, தேக்சா பக்கவாட்டில் அடியிலிருந்து மேலே விரலால் தொட்டுக்கொண்டே வந்தான். அடியில் சுர்ரென்றது, நடுவில் சுர்ரென்றது, கழுத்தில் சத்தம் இல்லை. "இன்னும் மேல ஏறல" என்றான். எட்டு நிமிஷம் கழித்துக் கழுத்திலும் சுர்ரென்றது. அதிலிருந்து பதினைந்து நிமிஷம். நான் அன்றைக்கு அளக்காமல் நம்பிய ஒரே கணக்கு அவன் விரல்தான்.

திறந்தபோது முதலில் வந்தது புதினா வாசம். சோறு நெட்டுக்குத்தாக நின்றது. தட்டின் விளிம்பால் ஓரத்தில் குத்தி எடுத்தால், மேலே வெள்ளையும் கீழே சிவப்புமாக உதிர்ந்தது. அடியில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பிடித்திருந்தது. பாத்திரம் கழுவும் அம்மாவுக்கு ஒரு தட்டு வைத்துக் கொடுத்தோம். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு சரியா கீது" என்றார். மணி பதினொன்றே கால்.

மூன்றாவதற்கு அண்டாத் தண்ணீர் கஞ்சியாகக் கெட்டிப்பட்டிருந்தது. அள்ளியதால் அது வீணாகாமல் கொதித்துக்கொண்டே இருந்தது ஒரு லாபம். சின்ன அடுப்பில் காயவைத்திருந்த தண்ணீரில் இரண்டு கேன் அளவு ஊற்றுவதற்காக அந்த அளவுக்குக் கஞ்சியை இறைத்தோம். புதுத் தண்ணீருக்கு மட்டும் இரண்டரை டம்ளர் உப்பு. கொதிவரக் கால் மணி நேரம்தான். சோறு இரண்டாவதைவிடக் கொஞ்சம் ஒட்டினாற்போல் இருந்தது, சாப்பிட்டவர்களுக்குத் தெரிந்திருக்காது. பன்னிரண்டு ஐம்பதுக்கு முதல் பந்தி உட்கார்ந்தது.

கத்திரிக்காயையும் அல்வாவையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து சித்தப்பா ஒரு மூட்டை இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் கொண்டுவந்திருந்தார். காம்பில் முள் இருப்பதால் அரிகிறவர்கள் எல்லாரும் திட்டிக்கொண்டே அரிந்தார்கள். பெரியம்மாக்கள் புளியும் வேர்க்கடலையும் எள்ளும் அரைத்து முடித்துவிட்டார்கள். அது பழகிய கை.

முதல் தேக்சாவை அலுமினியத் தட்டுகளில் பரப்பி ஆவி போகவிட்டு வைத்திருந்தோம். கொஞ்சம் இறுகியது. அதை வேலைக்காரர்கள் பந்திக்குத் தள்ளிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். காலையிலிருந்து வெந்தவர்களுக்கு அதையா போடுவது? அவர்களுக்கு மூன்றாவது தேக்சாவிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன். கடைசிப் பந்தியில் உட்கார்ந்த வீட்டார் எல்லாரும் குழைந்ததைச் சாப்பிட்டோம். மச்சான் ஒரு வாய் வைத்துவிட்டு, "பொங்கல்ல கறி போட்டிருக்கானுங்கடா" என்றார். கறி நன்றாகத்தான் இருந்தது.

இன்னொரு முறை இப்படி மாட்டினால் அரிசிக்கு இரண்டு அண்டா வைப்பேன். ஒரே அண்டாவைத் திருப்பித் திருப்பிக் காயவைத்ததில்தான் நேரம் போயிற்று. ஒரு கிலோ சோதனையை விட்டுவிடுவேன். உப்பு காரம் பார்க்க அது சரி. ஆனால் தண்ணீர் எப்போது கொதிக்கும், அரிசி எவ்வளவு நேரம் ஊறும், வடிக்க எத்தனை நிமிஷம் ஆகும் என்கிற மூன்றையும் அது தப்பாகச் சொன்னது, நான் அதை நம்பினேன். தேவைப்பட்டால் முதல் தேக்சாவை ஐந்து கிலோவாகப் போட்டிருக்கலாம், தோற்றாலும் ஐந்து கிலோவோடு போயிருக்கும்.

மாஸ்டர் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் செய்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது. நாளைக்கு விட்டுவிடுவார்களாம். பேசிய கூலியைக் குறைக்காமல் பையனிடம் கொடுத்துவிட்டதைச் சொன்னேன். அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல், "அரிசித் தண்ணிக்கு உப்பு எவ்ளோ போட்டீங்க?" என்றார்.

"மூணு கேனுக்கு நாலு டம்ளர்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "டம்ளரா? எந்த டம்ளர்? நான் ரெண்டு கையால அள்ளி அஞ்சு தடவ போடுவேன். அது எவ்ளோ வரும்?"

எனக்கும் தெரியவில்லை. வந்தால் அளந்து பார்க்கலாம் என்றேன். டம்ளரைப் பைக்குள் போட்டு வைத்திருந்தேன். மண்டபத்தில் பாத்திரம் எண்ணி ஒப்படைக்கும்போது எவர்சில்வர் டம்ளர் ஒன்று குறைகிறது என்று நாற்பது ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.